தண்ணீர் இல்லாமல் ஏர் ஃப்ரையரில் முட்டை: வெடிக்காமல் வேகவைப்பது எப்படி?

முட்டையை ஓட்டோடு ஏர் ஃப்ரையர் கூடையில் வைத்தே வேகவைத்துவிடலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். கவனிக்க வேண்டியது சூட்டின் அளவைத்தான். வறுவலுக்குப் பழகிய கை அப்படியே 200 டிகிரிக்குத் திருப்பிவிட்டால், ஓடு பிளந்து கூடையெல்லாம் வெள்ளைக்கரு ஒட்டிக்கொள்ளும்.

பாத்திரத்துத் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. அதனால் அதில் கிடக்கும் முட்டைக்கும் அதற்கு மேல் சூடேறாது. சூடான காற்றுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. வெள்ளைக்கருவில் பெரும்பகுதி தண்ணீர்தான். முட்டை 100 டிகிரியை நெருங்க நெருங்க அது உள்ளேயே ஆவியாகத் தொடங்கும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. மெதுவாகச் சூடேறினால் உள்ளிருக்கும் காற்று அவற்றின் வழியே கசிந்து வெளியேறிவிடும். வேகமாகச் சூடேறினாலோ, நேரம் மிஞ்சிப் போனாலோ, அழுத்தம் வெளியேற வழியில்லாமல் ஓடு விரியும். ஆகவே குறைந்த சூடு, அளவான நேரம் இரண்டும் முக்கியம்.

முட்டையைத் தேர்ந்தெடுப்பது

ஒவ்வொரு முட்டையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் அதை ஆம்லெட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். சூட்டில் முதலில் விரிவது அந்த இடம்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை 15 நிமிடம் வெளியே வைத்திருந்தால், சில்லிட்ட ஓட்டில் திடீரென்று சூடு தாக்காது. முட்டையின் அகன்ற முனையில் காற்றுப்பை இருக்கிறது. அங்கே சுத்தமான ஊசியால் ஒரு சிறு துளை போட்டால் விரியும் காற்றுக்கு வழி கிடைக்கும். அதற்காக 200 டிகிரியில் வைக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அவ்வளவு ஆவிக்கு ஓர் ஊசித்துளை போதாது.

வேகவைப்பது

நான்கு முட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஏர் ஃப்ரையரை முன்கூட்டியே சூடாக்க வேண்டாம். குளிர்ந்த கூடையில், ஒன்றோடொன்று முட்டாமல், ஒரே அடுக்காக வையுங்கள். 130 டிகிரி செல்சியஸ், 15 நிமிடம். முழுவதும் கெட்டியான மஞ்சள்கருவுக்கு இது பொதுவாகச் சரியாக இருக்கும். நடுவில் சற்றே இளகலாக வேண்டுமானால் 11 அல்லது 12 நிமிடத்தில் எடுக்கலாம்.

ஆனால் ஒரு மெஷினின் 130 டிகிரியும் இன்னொன்றின் 130 டிகிரியும் ஒன்றாக இருக்காது. அதனால் முதல் முறை ஒரே ஒரு முட்டையை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. வெந்ததும் குளிரவைத்து நீளவாக்கில் அறுங்கள். மஞ்சள்கரு நடுவில் ஈரமாக மின்னினால் அடுத்த முறை 2 நிமிடம் கூட்டுங்கள். மஞ்சளைச் சுற்றி சாம்பல் கலந்த பச்சை வளையம் தெரிந்தால் அதிகமாக வெந்துவிட்டது, 2 நிமிடம் குறைக்கலாம். அந்த வளையத்தைச் சாப்பிடுவதால் கெடுதல் இல்லை. வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்வதால் வருவது. வெள்ளைக்கருவில் பழுப்புத் திட்டு இருந்தால் நேரத்தோடு சூட்டையும் 10 டிகிரி குறையுங்கள்.

நேரம் முடிந்ததும் இடுக்கியால் எடுத்து உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். கூடையிலேயே விட்டால் உள்சூட்டில் தொடர்ந்து வேகும். பத்து நிமிடம் கழித்து அகன்ற முனையில் தட்டி உரிக்கத் தொடங்குங்கள். அன்றே இட்ட முட்டை என்றால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு வாரம் ஆனது சுலபமாக உரியும்.

ஓவனிலும் இதே வழிதான், நேரம்தான் கூடும். மஃபின் தட்டின் குழிக்கு ஒன்றாக வைத்து, 160 டிகிரியில் ஏறக்குறைய 30 நிமிடம். உருளாமல் இருக்கும், ஏதாவது கசிந்தாலும் அந்தக் குழியோடு நின்றுவிடும்.

சத்தம் கேட்டால்

உள்ளே 'டப்' என்றோ 'உஸ்' என்றோ சத்தம் வந்தால் உடனே திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். சுவிட்சை அணைத்து, மூடியபடியே 10 நிமிடம் விடுங்கள். மெல்லிய விரிசலும் அதில் நுரைத்து உறைந்த வெள்ளைக்கருவும் மட்டும் இருந்தால் அந்த முட்டையைச் சாப்பிடலாம்.

மைக்ரோவேவ் ஓவன் மட்டும் இதற்கு ஆகவே ஆகாது. ஓட்டோடு பச்சை முட்டையை வைத்தால் வெடிக்கும். வெந்து உரித்த முழு முட்டையை அதில் சூடாக்குவதும் ஆபத்து. மஞ்சள்கரு அளவுக்கு மீறிச் சூடேறி, வெளியே அமைதியாகத் தெரிந்து, கத்தியோ பல்லோ பட்ட நொடியில் வெடித்து முகத்தைச் சுட்டுவிடும். ஆறிய முட்டையைச் சூடாக்க வேண்டுமென்றால் கொதித்த தண்ணீரை ஊற்றி ஐந்தாறு நிமிடம் மூடி வையுங்கள்.