பாதத்தை மறந்தால் அப்பா ஆறடி நாலங்குலம் ஆகிவிடுவார்

ஸ்டுடியோவுக்குப் புதிதாக வந்த இரண்டு பையன்கள் போன வாரம் ஒரு குடும்பப் படத்தில், ஊரில் இல்லாத அண்ணனைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கட்டிங் சுத்தம், முடி ஓரமும் நிறமும் சரி. ஆனாலும் பார்த்தவுடன் ஏதோ உறுத்தியது. அண்ணன் பின்னால் நிற்கிறார், உருவமோ முன்னால் நிற்பவரின் அளவில் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு. மாஸ்க், நிறம், நிழல் பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. நிற்கும் ஆளின் உயரம் எங்கே தப்பாகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பாதம் மறைந்திருக்கிறதே என்று தலையை வைத்து அளவு பார்ப்பது

ஒரு கல்யாண ஆல்பம். பெண்ணின் அப்பா கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டு முற்றத்தில் எடுத்த படத்தில், அம்மாவுக்குப் பின்னால் அவரை நிறுத்தித் தரச் சொன்னார்கள். முன்வரிசைப் புடவைகளில் அவர் கால் மறைந்துவிடும். கால்தான் தெரியப் போவதில்லையே என்று, அம்மாவைவிடப் பத்து சதவீதம் பெரிதாக்கி, தலை மேலே தெரியும்படி வைத்துவிட்டேன். ஆல்பம் அச்சாகிப் போனது. அம்மா அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "முகம் அவருதான் தம்பி. ஆனா பக்கத்துல நின்னா என் மூக்கு அவர் தோளுக்கு நேரா வரும். இதுல யாரோ மாதிரி நிக்கிறாரு" என்றார். முதுகோடு முதுகு ஒட்டிய ஷீட் என்பதால் ஒரு பக்கத்தை மட்டும் மாற்ற முடியவில்லை, முழு ஆல்பத்தையும் திரும்ப அடித்தோம். செலவைவிட, அந்த அம்மா யாரோ ஒருவர் என்று சொன்னதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. அதே வேலையை யாராவது என் கண்முன் செய்தால் கோபம் வருகிறது.

பிறகு அந்தப் படத்தை உட்கார்ந்து அளந்தேன். முதலில் தொடுவானக் கோடு. வீட்டு முற்றத்தில் வானம் எங்கே தெரியும்? தரை டைல்ஸின் இடைக்கோடுகள் தெரியும். பின்னோக்கி ஓடும் இரண்டு கோடுகளை நீட்டினால் ஓரிடத்தில் சந்திக்கும். கேமரா சாயாமல் இருந்தால், அந்தப் புள்ளி வழியாக இழுக்கும் படுக்கைக் கோடுதான் தொடுவானம். அந்தப் படத்தில் அது மேலிருந்து 1600-ஆவது பிக்சலில் இருந்தது.

அடுத்து கேமராவின் உயரம். அம்மா சரியாக ஐந்தடி, அதாவது 60 அங்குலம். உச்சந்தலை 1300-இல், பாதம் 3100-இல். ஆக, அவர் உயரம் 1800 பிக்சல், அதில் பாதத்திலிருந்து தொடுவானம் வரை 1500. ஆறில் ஐந்து பங்கு. 60 அங்குலத்தில் ஆறில் ஐந்து பங்கு 50. படம் எடுத்தவர் கொஞ்சம் குனிந்து, 50 அங்குல உயரத்தில் கேமராவைப் பிடித்திருக்கிறார்.

இந்த 50 என்ற எண்தான் எல்லாவற்றுக்கும் அளவுகோல். தரை சமமாக இருந்தால், கேமராவின் உயரத்தில் இருக்கும் எதுவும், பக்கத்தில் இருந்தாலும் தெருக்கோடியில் இருந்தாலும், அந்தக் கோட்டின் மேல்தான் விழும். ஆகவே எந்த இடத்திலும் பாதத்துக்கும் தொடுவானத்துக்கும் இடையே உள்ள தூரம் எப்போதும் 50 அங்குலம். பிக்சல் கணக்கு மட்டும்தான் மாறும்.

இனி அப்பா. அம்மா சொன்ன தோள் கணக்குப்படியும் பழைய படங்களின்படியும் அவர் ஐந்தடி ஆறங்குலம், 66 அங்குலம். அவரை எங்கே நிறுத்துவது? டைல்ஸ் ஒவ்வொன்றும் இரண்டடி. அம்மாவின் பாதத்துக்கு அடுத்த இடைக்கோடு, கூட்டத்தின் ஓரத்தில் 2900-இல் தெரிந்தது. பாதம் அங்கே என்று முடிவு செய்தேன். அங்கிருந்து தொடுவானம் 1300 பிக்சல். கணக்கு இவ்வளவுதான்:

```
1300 × 66 ÷ 50 = 1716
```

அப்பா 1716 பிக்சல். அம்மாவைவிட ஆறங்குலம் உயரமானவர், பிக்சலில் அவரைவிடச் சின்னவர். நான் வைத்திருந்தது 1980. அந்த இடத்தில் நிற்பவருக்கு அது 76 அங்குலம், ஆறடி நாலங்குலம்! அம்மாவுக்கு அவர் யாரோ மாதிரித் தெரிந்ததில் என்ன அதிசயம்?

கணக்கே போடாமல் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. தொடுவானத்தில் ஒரு கைடு போடுங்கள். இந்தப் படத்தில் அது அம்மாவின் தோளை ஒட்டிப் போகும். அப்பாவுக்கு, சட்டைப் பையின் மேல் விளிம்புக்குப் பக்கத்தில் போகும். அவரை முற்றத்தில் எங்கே நகர்த்தினாலும் கோடு அதே சட்டைப் பையில்தான் நிற்க வேண்டும். வயிற்றுக்கு இறங்கினால் ஆள் பெரிதாகிவிட்டார், கழுத்துக்கு ஏறினால் சிறுத்துவிட்டார். கால் மறையும் என்றாலும், முழு உருவத்தையும் பாதத்தோடு வைத்து அளவு முடித்த பிறகே மாஸ்க் போடுங்கள். பழைய படத்தில் இடுப்புக்குக் கீழே இல்லையென்றால், பாதம் வரை ஒரு வெற்றுச் செவ்வகம் வரைந்து அதற்குள் பொருத்துங்கள்.

"கண் எப்போதும் தொடுவானத்தில்"

இது பாதி உண்மை. படம் எடுத்தவர் நின்றுகொண்டு, தன் கண்மட்டத்தில் கேமராவை வைத்து எடுத்திருந்தால், அவர் உயரம் உள்ளவர்களின் கண்கள் கோட்டில் விழும். குனிந்தோ உட்கார்ந்தோ எடுத்தால் விழாது. மேலே சொன்ன படத்தில் அப்பாவின் கண்ணைக் கோட்டில் வைத்திருந்தால் அவர் ஏறத்தாழ நாலரை அடி ஆகியிருப்பார். மாடியிலிருந்து எடுத்த படத்தில் கோடு எல்லோருடைய தலைக்கும் மேலே போகும், சில சமயம் படத்துக்கே வெளியே. அப்போதும் கான்வாஸைப் பெரிதாக்கிக் கோட்டை வெளியே போட்டுக்கொண்டால் கணக்கு உதவும். ஆனால் கேமரா நன்றாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் சுவர்களும் சாய்ந்து தெரியும். அங்கே கிடைப்பது தோராயமான அளவுதான்.

மலையின் உச்சி தொடுவானம் அல்ல

கடற்கரையில் கடலும் வானமும் சேரும் கோட்டை நம்பலாம். மலையையும் மாடிகளையும் நம்ப வேண்டாம்.

அளவு முடிந்த பின் ஆளை நகர்த்துவது

கீழே இழுத்தால் பெரிதாக வேண்டும், மேலே தள்ளினால் சிறிதாக வேண்டும். ஃபோட்டோஷாப்பில் Ctrl+T போட்டு, சுழல் புள்ளியைப் பாதத்தில் வைத்துவிட்டு, Alt-ஐ அழுத்திக்கொண்டே அளவை மாற்றுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் பாதம் இடம் மாறிவிடும்.

கிராப் செய்த படத்தில் நடுக்கோட்டைத் தொடுவானம் என்று எடுப்பது

கூடாது.

படியும் மேடையும்

கணக்கு மொத்தமும் ஒரே சமதரைக்கு. அப்பாவை ஆறங்குலப் படியின் மேல் நிறுத்தினால், படியிலிருந்து பார்க்கும்போது கேமராவின் உயரம் 44 அங்குலம்தான். 50-க்குப் பதில் 44 போட வேண்டும், பாதம் படியின் மேல்பரப்பில் இருக்க வேண்டும். கல்யாண மேடைப் படங்களில் இதைத்தான் அதிகம் தவற விடுகிறார்கள். மேடை மூன்றடி, கேமரா கீழே நிற்பவர் கையில் ஐந்தடியில். அப்படியானால் மேடையில் நிற்பவர்களுக்குத் தொடுவானம் வெறும் இரண்டடியில், முழங்காலுக்குச் சற்று மேலே ஓடும். மாப்பிள்ளைக்கு அது எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். ஏறத்தாழ அவர் உயரமுள்ள ஆளை அதே மேடையில் சேர்க்கும்போது, கோடு அவருக்கும் அதே இடத்தில் வெட்ட வேண்டும்.