கேஒய்சி இன்னைக்கு முடியுதுன்னு போன் வந்தா நம்மாளுக பண்ற தவறுகள்

"நான் தான் ஓடிபி சொல்லவே இல்லையே, அப்புறம் எப்படிங்க காசு போச்சு?" திருமங்கலத்துல நான் செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், இப்ப அடிக்கடி காதுல விழுற கேள்வி இதுதான். கேக்குறவங்க யாரும் ஏமாளி கிடையாது, ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு நல்லாத் தெரிஞ்சவங்க, போன்ல யார்கிட்டயும் சொல்லாமத்தான் இருந்திருக்காங்க. ஆனா இப்ப வர்ற கேஒய்சி போன்ல ஓடிபிய வாயத் தொறந்து யாரும் கேக்குறதே இல்ல, அதனால ஓடிபி சொல்லாத வரைக்கும் நமக்கு ஒண்ணும் ஆகாதுங்குற நினைப்புதான் இன்னைக்கு பெரிய தவறு.

எப்படி நடக்குதுன்னு ஒரு கேஸ வச்சே சொல்றேன், அப்பதான் எந்த இடத்துல நிப்பாட்டிருக்கலாம்னு தெரியும். உசிலம்பட்டி பக்கம் ரிடையர்டு வாத்தியார் ஒருத்தர், பென்ஷன் வர்ற அக்கவுண்ட். ரெண்டாவது சனிக்கிழமை மத்தியானம் போன் வருது. "சார், உங்க பேங்க் ஹெட் ஆபீஸ்ல இருந்து பேசுறோம், உங்க கேஒய்சி இன்னையோட முடியுது, அஞ்சு மணிக்கு அக்கவுண்ட் பிளாக் ஆயிரும், பென்ஷன் ஏறாது." பேரு சரியா சொல்றான், ஏடிஎம் கார்டோட கடைசி நாலு நம்பர் சொல்றான். சார் வெவரமாத்தான் கேட்டிருக்கார், "நான் திங்கக்கிழமை பேங்க்குக்கே வர்றேனே"ன்னு. "இன்னைக்கு பேங்க் லீவு சார், அதான் ஆன்லைன்லயே முடிச்சுக் குடுக்குறோம், நீங்க ஓடிபி எதுவும் எங்ககிட்ட சொல்ல வேணாம், சொல்லவும் கூடாது"ன்னுருக்கான். அந்த ஒரு வார்த்தையில தான் சாருக்கு நம்பிக்கையே வந்திருக்கு.

இதுல முதல் ரெண்டு தவறு இருக்கு. பேரும் கார்டு கடைசி நம்பரும் தெரிஞ்சதால பேங்க்காரன்னு நம்புறது ஒண்ணு. அந்த நாலு நம்பர் பில்லுலயும் வரும், மெசேஜ்லயும் வரும், எங்கிட்டாவது கசிஞ்ச லிஸ்ட்லயும் கெடக்கும், அது ரகசியமே இல்ல. இன்னொண்ணு, ட்ரூகாலர்ல பேங்க் பேரு காட்டுச்சுன்னு நம்புறது. அதுல வர்ற பேரு ஜனங்க அவங்கவங்க போன்ல சேவ் பண்ணுன பேருல இருந்து வர்றது, வாட்ஸ்அப் டிபில லோகோ வைக்க ஒரு நிமிஷம் கூட ஆகாது. நெசமான பேங்க் சர்வீஸ் கால் 1600ல ஆரம்பிக்கிற நம்பர்ல இருந்து வரணும்னு ரிசர்வ் பேங்க் 2025 ஜனவரில சொல்லிருக்கு, சாருக்கு வந்ததோ சாதாரண பத்து இலக்க மொபைல் நம்பர். 1600ல இருந்தே வந்தாலும் கார்டு விவரம் கேட்டா வச்சிர வேண்டியதுதான், அது வேற.

அடுத்து வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் வந்திருக்கு, பேங்க் பேரு போட்டு பின்னாடி KYC.apk னு. இந்த .apk தான் மொத்த விஷயமே. போட்டோ, பிடிஎஃப் மாதிரி வெறும் தொறந்து பாக்குற ஃபைல் இல்ல இது, தொறந்தா ஒரு ஆப்பையே போன்ல ஏத்திரும். அத அமுக்குனதும் போனே எச்சரிக்கும், தெரியாத எடத்துல இருந்து வர்ற ஆப், வேணாம்னு. போன்ல இருக்குற கூகுளோட பாதுகாப்பு வசதி பிளே ப்ரொடெக்ட்டும் தடுக்கும். லைன்ல இருக்கவன் "அது சாதாரணமா வர்றது சார், இன்ஸ்டால் எனிவே குடுங்க"ன்னு ஒவ்வொரு படியா கூட்டிட்டுப் போவான், சில பேர்கிட்ட பிளே ப்ரொடெக்ட்டையே ஆஃப் பண்ணச் சொல்வான். போனு ரெண்டு தடவ வேணாம்னு சொல்லியும் போன்ல பேசுறவன் பேச்சக் கேட்டு தாண்டிப் போறது மூணாவது தவறு. எந்த பேங்க்கும் ஆப்ப வாட்ஸ்அப்ல அனுப்பாது, பிளே ஸ்டோர்ல இருந்துதான் எறக்கணும்.

ஆப் ஏறுனதும் எஸ்எம்எஸ் பாக்க, அனுப்ப அனுமதி கேக்கும். சார் எல்லாத்துக்கும் அலவ் குடுத்துட்டார், இங்க தான் கதவு தொறந்துச்சு. அதுக்கப்புறம் அந்த போனுக்கு வர்ற எந்த மெசேஜா இருந்தாலும், ஓடிபி உட்பட, அந்த நிமிஷமே எதிராளிக்கும் ஒரு காப்பி போயிரும். அவன் ஏன் ஓடிபிய கேக்கலன்னு இப்ப புரியுதா, கேக்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்ல. அடுத்து பேங்க் லோகோவோட ஒரு ஃபாரம், பேரு, பிறந்த தேதி, பான், கார்டு நம்பர், எக்ஸ்பைரி, பின்னாடி இருக்குற மூணு நம்பர், கடைசியா ஏடிஎம் பின். யார்கிட்டயும் வாயால சொல்லல, ஒரு ஆப்ல தானே டைப் பண்றோம்னு சார் போட்டுட்டார். நல்லா கேட்டுக்கங்க, கேஒய்சிங்குறது நீங்க யாரு, எங்க இருக்கீங்கங்குறதுக்கு ப்ரூஃப், அவ்ளோதான். ஆதார், பான், அட்ரஸ், போட்டோ இதுக்குள்ள முடிஞ்சிரும். ஏடிஎம் பின்னுக்கும் கார்டு பின்பக்க நம்பருக்கும் அதுல வேலையே கெடையாது, அதக் கேட்டாலே பேச்ச முடிச்சிக்கலாம்.

ஃபாரம் அனுப்புனதும் திரையில ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருந்திருக்கு, "வெரிஃபை ஆகுது, 24 மணி நேரத்துக்கு ஆப்ப எடுக்காதீங்க"ன்னு. அந்த நேரத்துல தான் கார்டு வச்சு ஆன்லைன்ல மூணு தடவ எடுத்திருக்கான், 49,800, அடுத்து 49,500, அப்புறம் 18,000. சாருக்கு ஒரு டெபிட் மெசேஜ் கூட கண்ணுல படல. அந்த ஆப் தன்னையே மெசேஜ் ஆப்பா மாத்திக்கிச்சுன்னா வர்ற மெசேஜ காட்டாம மறைக்க முடியும், ஐகானையும் ஒளிச்சு வச்சிக்கும். மெசேஜ் வரல அதனால காசு போகலன்னு இருந்துறக்கூடாது, சந்தேகம் வந்தா ஏடிஎம்ல கார்டு போட்டு பேலன்ஸ் பாக்கணும். சார் சாயங்காலம் ஏடிஎம்முக்குப் போனதால தான் தெரிஞ்சதே.

தெரிஞ்சதுக்கு அப்புறம் பண்ற தவறு இன்னும் மோசமானது, திங்கக்கிழமை பேங்க் தொறக்கட்டும், போய் மேனேஜரப் பாக்கலாம்னு இருக்குறது. காசு ஒரு அக்கவுண்ட்ல இருந்து அடுத்ததுக்கு, அங்கிருந்து இன்னும் நாலஞ்சுக்குன்னு பிரிஞ்சு ஏடிஎம்ல வெளிய வந்துரும், அதுக்கு முன்னாடி பிடிச்சு நிறுத்துனா தான் உண்டு. அதுக்குத்தான் சைபர் கிரைம் ஹெல்ப்லைன் நம்பர் 1930. லீவு நாளும் எடுப்பாங்க, அக்கவுண்ட் நம்பர், எவ்ளோ தொகை, எத்தன மணிக்கு, பரிவர்த்தனை நம்பர் இதக் கேட்டு வாங்கி பேங்க்குகளுக்கு அனுப்புவாங்க, காசு எங்க நிக்குதோ அங்க முடக்கச் சொல்வாங்க. அப்புறம் cybercrime.gov.in ல புகாரப் பதிஞ்சு அந்த நம்பர பத்திரமா வச்சிக்கணும். நேர்ல போகணும்னா மதுரை மாநகரத்துக்கு ஒரு சைபர் கிரைம் ஸ்டேஷன், மாவட்டத்துக்கு தனியா ஒண்ணு இருக்கு.

1930க்கு சொன்னா மட்டும் போதாது, பேங்க்குக்கும் அப்பவே சொல்லணும், கார்டு பின்னாடி அச்சடிச்சிருக்க நம்பருக்கு. கூகுள்ல கஸ்டமர் கேர்னு தேடி வர்ற நம்பருக்கு அடிக்காதீங்க, அதுலயும் இவனுகளே உக்காந்திருக்கானுக. பேங்க்குக்கு ஏன் அவ்ளோ அவசரமா சொல்லணும்னா, ரிசர்வ் பேங்க் 2017 ஜூலைல கொண்டு வந்த விதிப்படி நம்ம கவனக்குறைவால விவரம் குடுத்து போன காசு, நாம பேங்க்குக்கு சொல்ற வரைக்கும் நம்ம நஷ்டம், சொன்னதுக்கு அப்புறம் போனா அது பேங்க்கோட பொறுப்பு. அதனால எத்தன மணிக்கு சொன்னீங்க, புகார் நம்பர் என்னன்னு குறிச்சு வைங்க. சார் அன்னைக்கு சாயங்காலமே ரெண்டு எடத்துலயும் சொல்லிட்டார், கடைசி 18,000 மட்டும் நின்னு சில வாரம் கழிச்சு திரும்ப வந்துச்சு, மத்தது வரல.

போன என்ன பண்றதுன்னா, மொதல்ல ஏரோபிளேன் மோட் போட்டு வைஃபையும் ஆஃப் ஆயிருக்கான்னு பாருங்க, அப்பதான் மெசேஜ் போறது நிக்கும். 1930க்கும் பேங்க்குக்கும் வீட்ல இன்னொருத்தர் போன்ல இருந்து அடிங்க. சிம்ம கழட்டி பழைய பட்டன் போன்ல போட்டுக்கலாம். பயந்துபோய் உடனே போன ரீசெட் அடிச்சுட்டு எங்கிட்ட வர்றாங்க சில பேரு, அது வேணாம், வந்த நம்பர், வாட்ஸ்அப் சாட், அந்த ஃபைல் எல்லாம் புகாருக்கு ஆதாரம், அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முடியலன்னா வேற போன்ல போட்டோ புடிச்சு வச்சதுக்கு அப்புறம் ரீசெட் பண்ணுங்க. ஐகான் ஒளிஞ்சிருக்குறதால சும்மா அன்இன்ஸ்டால் பண்ணிட்டோம்னு நம்ப முடியாது, முழுசா ரீசெட் தான் சரி. ஏடிஎம் பின், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, யுபிஐ பின் எல்லாத்தையும் அதுக்கு அப்புறம் மாத்தணும், வைரஸ் இருக்கப்பவே மாத்துனா புதுசும் அவனுக்குப் போயிரும்.

சரி, கேஒய்சி முடியுறதுங்குறதே பொய்யான்னா, இல்ல, அது நெசம் தான், அதனால தான் இந்த போன நம்புறாங்க. நம்ம பக்கம் பென்ஷன் வாங்குறவங்க, மானியம் வர்றவங்க நெறைய பேருக்கு கேஒய்சி பாக்கின்னு காசு எடுக்க முடியாம நின்ன அனுபவம் இருக்கு. ஆனா அது ஒரே நாள்ல, போன்ல வர்ற விஷயம் இல்ல. சாதாரண சேவிங்ஸ் கஸ்டமருக்கு பேங்க் பாக்குற ரிஸ்க்கப் பொறுத்து ரெண்டு வருஷம், எட்டு வருஷம், பத்து வருஷத்துக்கு ஒருதடவ தான் புதுப்பிக்கணும், பெரும்பாலானவங்க அந்த பத்து வருஷக் கணக்குல தான் வருவாங்க. கெடு வர்றதுக்கு முன்னாடி குறைஞ்சது மூணு தடவ பேங்க் சொல்லணும், அதுல ஒண்ணாவது லெட்டரா வரணும், கெடு தாண்டுனாலும் இன்னும் மூணு நினைவூட்டல்னு 2025 ஜூன்ல ரிசர்வ் பேங்க் விதியில சேர்த்திருக்கு. அஞ்சு மணிக்கு பிளாக்குங்குறது எந்த விதியிலயும் கெடையாது. அப்படியே பாக்கியால நிறுத்தி வச்சாலும் காசு அக்கவுண்ட்லயே தான் இருக்கும், ஆதார், பான் எடுத்துட்டு அந்த பேங்க்கோட எந்தக் கிளைக்கும் போகலாம், அட்ரஸ்ல மாத்தம் இல்லன்னா ஒரு உறுதிமொழி எழுதிக் குடுத்தாலே போதும்.

இன்னொரு போன் வரும், அதுக்கும் ஆயத்தமா இருங்க. சில நாள் கழிச்சு "உங்க புகார் பாத்தோம், காசு ரீஃபண்ட் வந்திருக்கு, பிராசஸிங் சார்ஜ் கட்டுங்க"ன்னு போலீஸ், பேங்க், ரிசர்வ் பேங்க் பேரச் சொல்லி கூப்பிடுவாங்க. இழந்தவங்க நம்பர் லிஸ்ட்டே இவனுக கைல தான இருக்கு. சாருக்கும் வந்துச்சு, பட்டவரு இல்லையா, புகார் நம்பர் சொல்லுங்கன்னு கேட்டார், அவன் லைன கட் பண்ணிட்டான்.