நனைந்த புத்தகத்தைக் காயவைப்பது எப்படி? ஏற்காட்டு மழையில் பட்டுத் தெரிந்துகொண்டது

ஐப்பசி அடைமழையில் ஏற்காட்டு வீட்டின் ஓடு ஒழுகி, அலமாரியின் மேல்தட்டில் இருந்த தாத்தாவின் அகராதி ஊறிப் போயிற்று. கெட்டி அட்டை, 800 பக்கம், நடுவில் வழவழப்பான தாளில் 8 பக்கம் வண்ணப் படங்கள். அதைக் காயவைத்த கதையில் ஒரு பெரிய தப்பும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதல் வேலை: எடை போடுங்கள்

சமையலறைத் தராசு போதும். என் புத்தகம் நனைந்த நிலையில் 1,640 கிராம். இந்த எண்ணை அட்டவணையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் நமக்குக் கண். நீர் சொட்டச் சொட்ட இருக்கும் புத்தகத்தைத் திறக்க வேண்டாம், ஈரத் தாள் தொட்டாலே கிழியும். மூடியபடியே பழைய துண்டில் சுற்றி, உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். இரண்டு மூன்று துண்டு மாற்ற வேண்டியிருக்கும்.

வழவழப்புத் தாளுக்கு மட்டும் அவசரம்

ஆர்ட் பேப்பரின் மேலே களிமண் பூச்சு இருக்கும். நனைந்தால் அது பசை மாதிரி ஆகி, பக்கங்கள் ஒட்டியபடியே காய்ந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. அதனால் அந்தப் பக்கங்களை மட்டும் ஈரம் இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையில் கேக் செய்யும்போது விரிக்கிற பட்டர் பேப்பரை வையுங்கள். டிஷ்யூ வைத்தால் அதுவும் சேர்ந்து ஒட்டும். நான் அன்று இரவே இதைச் செய்தேன், எட்டுப் பக்கமும் தப்பின.

இடையில் தாள் வைப்பது

சாதாரணப் பக்கங்களில், தானாகத் திறக்கிற இடத்தில் மட்டும், சுமார் 20 தாளுக்கு ஒன்றாக வெள்ளை டிஷ்யூ வையுங்கள். பக்கத்துக்குப் பக்கம் திணித்தால் புத்தகம் வீங்கி முதுகுத் தையல் விட்டுப்போகும். புத்தகத்தின் தடிமன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடக் கூடாது. பூப் பதித்த டிஷ்யூ வேண்டாம், அந்தப் பூ தாளில் பதியும். அச்சடித்த செய்தித்தாளும் வேண்டாம், மை ஏறும். அம்மா இதை ஏற்கவில்லை, "நாங்க எல்லாம் தினசரி பேப்பர்லதான் வடாம் காயப் போட்டோம்" என்றார். சரி, வடாமுக்கு எழுத்து இல்லையே.

முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டிஷ்யூவை மாற்றுங்கள். கொஞ்சம் விறைப்பு வந்ததும் புத்தகத்தைத் தலைகீழாக, விசிறி போல லேசாக விரித்து நிறுத்துங்கள். நேராக நிறுத்தினால் தாள்களின் கனம் கீழே இழுத்துக் கட்டு தொங்கும். மின்விசிறியை அறையின் காற்றோட்டத்துக்காக ஓட விடுங்கள், புத்தகத்தின் முகத்துக்கு நேரே வேண்டாம். ஹேர் டிரையரும் வெயிலும் எனக்குப் பிடிக்காது. ஓரம் மட்டும் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்பக்கம் ஈரத்தோடு விரிந்தே நிற்கும். தாள் அலை அலையாக வளைவது இப்படித்தான்.

நான் சறுக்கிய இடம்

இரண்டாம் நாள் 1,430, மூன்றாம் நாள் 1,300, நான்காம் நாள் 1,225. ஐந்தாம் நாள் 1,212, ஆறாம் நாள் 1,210. எடை நின்றுவிட்டது, காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், குளிரவில்லை. ஈரப் புத்தகம் குளிரும் என்று படித்திருந்தேன், அதனால் நம்பிக்கை கூடியது. இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக் குழவியை ஏற்றினேன்.

குழவி ஏற்றிய மூன்றாம் நாள் பலகையைத் தூக்கியபோது மூடிய வீட்டின் வாடை. தாள்கள் முதுகோடு சேர்கிற உள்மடிப்பில், சாம்பல் பச்சையாகப் பூசணம்.

எடை நின்றதற்குக் காரணம் வேறு. தாள் எப்போதும் சுற்றிலும் உள்ள காற்றின் ஈரத்தோடு சமப்பட்டு நிற்கும். பனிமூட்டம் இறங்கிய ஏற்காட்டில் அந்த வாரம் வீட்டுக்குள் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி இருந்தது (சின்ன மானி ஒன்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது, முதலிலேயே வாங்குங்கள்). அந்தக் காற்றில் புத்தகம் எவ்வளவு காயுமோ அவ்வளவு காய்ந்து நின்றுவிட்டது. கன்னச் சோதனையும் அதனால்தான் ஏமாற்றியது. நீர் ஆவியாகும்போதுதான் குளிரும், இவ்வளவு ஈரக் காற்றில் ஆவியாவதே குறைவு. அதோடு மேல்தாள்கள் காய்ந்தாலும் உள்மடிப்பும் அட்டையும் கடைசியில்தான் காயும், நான் குழவியை ஏற்றி அவற்றை மூடியே போட்டுவிட்டேன். காற்றின் ஈரப்பதம் சுமார் 65 சதவீதத்துக்குக் கீழே போனால் பூசணம் வளராமல் அடங்கும், மேலே போகப் போக வேகமாக வளரும், ஈரத் தாளில் இரண்டு மூன்று நாளே போதும்.

மலையிறக்கம்

அன்றே புத்தகத்தைப் பையில் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அடிவாரத்தை நெருங்கும்போதே காற்று மாறுவது தோலில் தெரியும். அங்கே மழை விட்டிருந்தது, மானி 52 காட்டியது. விரித்து நிறுத்தி, விசிறி ஓட்டி, டிஷ்யூ மாற்றினேன். நான்கு நாளில் 1,130. மலைமேல் "காய்ந்த" புத்தகத்தில் இன்னும் 80 கிராம் நீர் இருந்திருக்கிறது, கிட்டத்தட்ட அரை டம்ளர்.

எல்லாரும் மலையிறங்க முடியாது. ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் இருந்தால் சின்ன அறையில் ஓட்டுங்கள். இல்லையென்றால் ஏசியை உலர்த்தும் முறையில் ஓட்டலாம். மானி 60க்குக் கீழே வந்த பிறகே எடையை நம்புங்கள்.

பூசணத்தை ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், தாளுக்குள் தேய்த்து இறக்கிவிடுவீர்கள். நன்றாகக் காய்ந்து பொடியாக ஆன பிறகு, வெளியே திண்ணையில், என்-95 முகமூடி போட்டு, மென்மையான பிரஷால் துடைத்தேன். கறை கொஞ்சம் நிற்கிறது, அது போகாது.

அழுத்துவது எப்போது?

வளைவு சரியாக வேண்டுமென்றால் தாளில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போதே அழுத்த வேண்டும், முழுக்கக் காய்ந்த வளைவு சுலபத்தில் நிமிராது. ஆனால் ஈரத்தோடு மூடி வைத்தால் பூசணம். நான் கண்ட வழி: உலர்ந்த காற்றில் வைத்து, எடை நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம்தான் குறைகிறது என்ற நிலையில், இரவில் மட்டும் பலகைக்குள் அழுத்துவது. காலையில் எடுத்துப் பிரித்து, பகல் முழுக்க விரித்து நிறுத்துவது. நான்கு இரவு. குழவியை விட நேரான செங்கற்கள் எனக்குப் பிடித்திருந்தன, கனம் எல்லா இடத்திலும் சமமாக இறங்கும்.

பின்னர் சேர்த்தது: ஒருவர் கேட்டிருந்தார், நாற்பது புத்தகம் நனைந்துவிட்டது, எல்லாவற்றையும் எப்படி விரிப்பது என்று. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, முதுகு கீழே இருக்கும்படி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பூசணம் சாகாது, ஆனால் உறங்கும். அப்புறம் நேரம் கிடைக்கும்போது ஒன்றிரண்டாக எடுத்து வேலை பார்க்கலாம். ஆர்ட் பேப்பர் புத்தகம் இருந்தால் ஃப்ரீசரில் அதற்கே முதல் இடம். அக்கா ஃப்ரீசரில் ஐஸ்கிரீமை எடுத்துவிட்டுத் தாத்தா புத்தகத்தை வைக்க ஒப்புக்கொள்வாரா என்பதை மட்டும் நான் சோதிக்கவில்லை.