ஆர்டரில் ஒரு பகுதியை மட்டும் முன்கூட்டி அனுப்பச் சப்ளையரிடம் கேட்பது எப்படி?

கொள்முதல் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் அவசரம் என்றதும் அனுப்பும் முதல் மின்னஞ்சல் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "மிக அவசரம், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அனுப்புங்கள், கூடுதல் செலவு எங்களுடையது." எத்தனை வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும், எவ்வளவு வரை தருவீர்கள் என்ற மூன்றுமே இதில் இல்லை. சப்ளையர் பதில் எழுத வழியில்லை. எழுதினாலும் வரும் பில்லைத் தடுக்க உங்களுக்கு வழியில்லை.

ஒரு கற்பனை ஆர்டரை வைத்தே படிகளைப் பார்ப்போம். 400 சிறு மின்மோட்டார்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறீர்கள். சப்ளையர் ஜூன் 30 அன்று அனுப்புவார். கப்பலில் வந்து ஜூலை 28 அன்று கைக்குக் கிடைக்கும். இதற்கிடையே உங்கள் வாடிக்கையாளர் தன் தேதியை முன்னே இழுத்துவிட்டார். ஜூலை 1 அன்றே பொருத்தும் வேலையைத் தொடங்கியாக வேண்டும்.

படி 1: உண்மையில் எத்தனை வேண்டும்?

400-ம் அவசரமில்லை. உங்கள் பட்டறை நாளுக்கு 5 மோட்டார் பொருத்துகிறது. ஜூலை 1 முதல் கப்பல் சரக்கு வரும்வரை சுமார் 20 வேலைநாள்கள். அதற்கு 100 மோட்டார். கப்பலோ சுங்கமோ சில நாள் இழுத்தால் சமாளிக்க இன்னும் 20. ஆக, கேட்க வேண்டியது 120 மட்டுமே. எண்ணிக்கை இப்படிக் கணக்கிலிருந்து வந்தால், "ஏன் 120?" என்று கேட்டாலும் பதில் இருக்கும், செலவும் கட்டுக்குள் நிற்கும்.

படி 2: நேரம் எங்கே போகிறது?

பணத்தைப் பற்றிப் பேசும் முன் சப்ளையரைத் தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் ஆர்டர் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது?" இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் வீணாகப் பணம் கட்டுகிறார்கள்.

சரக்கு ஏற்கெனவே தயாராகிவிட்டதென்றால் தொழிற்சாலையை விரட்டத் தேவையே இல்லை. கப்பலுக்குப் பதில் விமானம் போதும். மூலப்பொருள் இன்னும் வரவில்லை என்றால் ஓவர்டைம் கொடுத்துப் பயனில்லை. காத்திருக்கும் ஆட்களுக்கு இரட்டைக் கூலி கொடுத்ததாகத்தான் ஆகும். சில வேலைகளைப் பணத்தால் சுருக்கவே முடியாது. மோட்டாரின் கம்பிச்சுற்றுக்கு வார்னிஷ் பூசி அடுப்பில் உலர்த்துவார்கள். அந்த நேரம் அதற்கு வேண்டும். அதைக் குறைக்கவோ, சோதனையைத் தவிர்க்கவோ சொல்லாதீர்கள். அவரே அப்படிச் செய்து தருவதாகச் சொன்னாலும் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

நம் ஆர்டரில் கிடைத்த பதில் இது: கம்பிச்சுற்று முடிந்துவிட்டது, உலர்த்தலும் முடிகிறது, இருப்பது ஒரே சோதனை மேசை, ஒரு ஷிப்டில் 20 மோட்டார்தான் சோதிக்கலாம். 120 மோட்டாருக்கு 6 ஷிப்ட். இரண்டாம் ஷிப்ட் ஓட்டினால் 3 நாளில் முடியும். விமானத்தில் வந்து சுங்கம் தாண்ட 7 நாள் என்று வைத்தால், ஜூன் 23 அன்று புறப்பட வேண்டும். ஆக, நீங்கள் விலை கொடுத்து வாங்குவது இரண்டு பொருள்கள்: 3 நாள் இரண்டாம் ஷிப்ட், 120 பெட்டிக்கு விமானக் கட்டணம்.

படி 3: செலவைக் கணக்கிட்டு உச்சவரம்பு வையுங்கள்

விமானக் கட்டணத்தில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எடை, பெட்டியின் கன அளவு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். விமானச் சரக்கில் வழக்கமான கணக்கு: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பது. மோட்டார் பெட்டி 40 × 30 × 30 என்றால் 36,000; வகுத்தால் 6 கிலோ. உண்மை எடை 4 கிலோதான். எனவே 480 கிலோ சரக்குக்கு 720 கிலோவுக்கான கட்டணம் வரும். பல கூரியர் நிறுவனங்கள் 5000-ஆல் வகுப்பதால் அங்கே இன்னும் கூடும். மதிப்பீடு கேட்கும்போதே பெட்டி அளவையும் கேட்டு வாங்குங்கள். நெருக்கமாகப் பொதிய முடியுமா என்றும் கேளுங்கள்.

பிறகு, ஒப்பந்தப்படி போக்குவரத்துச் செலவு யாருடையது என்று பாருங்கள். சப்ளையருடையது என்றால், கப்பலுக்கும் விமானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நீங்கள் ஏற்றால் போதும். தாமதமே அவர் தரப்பில் நேர்ந்தது என்றால் செலவை ஏற்பதாக நீங்களாக முதலில் சொல்ல வேண்டியதில்லை; அவர் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள்.

உச்சவரம்பை உங்கள் இழப்பிலிருந்து எடுங்கள். வேலை நின்றால் ஆகும் நட்டத்தைவிட விரைவுச் செலவு அதிகமென்றால், வாடிக்கையாளரிடம் தேதி கேட்பதே மலிவு.

படி 4: கடிதம்

> பொருள்: கொள்முதல் ஆணை எண் ___, வரிசை 1: 120 மோட்டார்களை முன்கூட்டி அனுப்பக் கோரிக்கை
>
> வணக்கம் ஐயா,
>
> இந்த ஆணையில் உள்ள 400 மோட்டார்களில் 120-ஐ மட்டும் ஜூன் 23-க்குள் விமானம் மூலம் அனுப்ப இயலுமா? மீதி 280 மோட்டார்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டபடி ஜூன் 30 அன்று கப்பலில் வந்தால் போதும். மோட்டாரின் விலையிலும் சோதனை முறையிலும் மாற்றமில்லை.
>
> எங்கள் வாடிக்கையாளர் தேதியை முன்னே கொண்டுவந்ததால் இந்தத் தேவை எழுந்தது. எனவே, சோதனைக்கான இரண்டாம் ஷிப்ட் கூலியையும் விமானக் கட்டண வித்தியாசத்தையும், ரசீதுகளின் அடிப்படையில் ___ வரை நாங்கள் ஏற்கிறோம். அதற்கு மேல் ஆகும் என்றால் செலவு செய்யும் முன் தெரிவியுங்கள். ஜூன் 23-க்குள் 120-ம் புறப்பட்டால் ஷிப்ட் கூலி முழுமையாகத் தரப்படும்.
>
> 120 முடியாது என்றால் எத்தனை முடியும் என்று சொல்லுங்கள். நாளை மாலைக்குள் பதில் கிடைத்தால் திருத்திய ஆணையை உடனே அனுப்புகிறோம்.

தேதி எழுதும்போது புறப்படும் தேதியா, வந்து சேரும் தேதியா என்று தெளிவாக எழுதுங்கள். "23-க்குள் வேண்டும்" என்பதை இருவரும் இரு விதமாகப் படிக்கலாம். "எத்தனை முடியும்" என்ற வரியையும் விடாதீர்கள். 120-க்கு இல்லை என்பவர் 80-க்குச் சரி என்பார். 80 இருந்தால் உங்களுக்கு 16 வேலைநாள் ஓடும்.

படி 5: ஆணையைத் திருத்துங்கள்

சம்மதம் தொலைபேசியோடு நின்றால் கணக்குப் பிரிவில் சிக்கும். அங்கே ஆணை, சரக்கு வரவுச் சீட்டு, இன்வாய்ஸ் மூன்றையும் ஒப்பிடுவார்கள். ஆணையில் இல்லாத தொகை இன்வாய்ஸில் இருந்தால் பணம் நின்றுவிடும். வரிசையை 120, 280 என இரண்டாகப் பிரித்துத் தனித்தனித் தேதி போடுங்கள். விரைவுச் செலவுக்குத் தனி வரிசை சேருங்கள். அதை மோட்டார் விலையில் கலந்தால் அடுத்த ஆர்டரில் அந்த விலையே பழைய விலையாக நின்றுவிடும். லெட்டர் ஆஃப் கிரெடிட் எனும் வங்கிக் கடன் கடிதம் வழியாகப் பணம் செலுத்துவதென்றால், பகுதி பகுதியாக அனுப்புவதை அது தடை செய்கிறதா, விமானப் போக்குவரத்துக்கு இடம் தருகிறதா என்று பார்த்து, தேவையானால் முதலில் அதைத் திருத்துங்கள்.

படி 6: 280-ஐ மறவாதீர்கள்

120-ஐக் கவனித்துக்கொண்டிருக்கும்போது மீதி நழுவுவது வழக்கம். சோதனை மேசை ஒன்றுதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சப்ளையரின் உறுதிப்படுத்தலில் 120-க்குத் தேதி இருந்து 280-க்கு "பின்னர் தெரிவிக்கப்படும்" என்று இருந்தால், உங்கள் 120 வேறு யாருடைய இடத்தையும் எடுக்கவில்லை, உங்கள் 280-இன் இடத்தைத்தான் எடுத்திருக்கிறது என்று பொருள். ஆணையைத் திருத்தும் முன்பே அந்தத் தேதியை எழுத்தில் வாங்குங்கள். பிறகு இரண்டாம் ஷிப்ட் தொடங்கும் நாளில் அழைத்து, இதுவரை எத்தனை சோதித்தாயிற்று என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். "நடந்துகொண்டிருக்கிறது" என்ற பதில் வந்தால் மறுநாளும் அழையுங்கள்.