வாடகை வீட்டில் இரண்டு தையல் மெஷின் போட வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுவது எப்படி

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பீஸ் ரேட்டுக்குத் தைக்க நினைக்கிற பெண்கள் பலர் மெஷின் விலை, துணி எங்கே கிடைக்கும், யார் ஆர்டர் தருவார்கள் என்பதையெல்லாம் விசாரித்து வைத்திருப்பார்கள். வீட்டுக்காரரிடம் கேட்பதைத்தான் கடைசிக்குத் தள்ளுவார்கள். நான் குடியிருக்கிற மாடி வீட்டில் ஒரு பவர் மெஷினும் ஒரு ஓவர்லாக்கும் போட்டுக் குழந்தைகள் கவுன் தைக்கிறேன். அதற்கு அனுமதி வாங்கிய கடிதம் எப்படி இருந்தது என்று சில பேர் கேட்டதால் இது. வீட்டு வாடகை ஒப்பந்தம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் "குடியிருப்புக்கு மட்டும்" என்று ஒரு வரி இருக்கும். அது இருக்கும்போது வாய்ப்பேச்சில் "போட்டுக்கம்மா" என்று சொன்னால் போதாது. நாளைக்கு அவர் மகன் வந்து ஒப்பந்தத்தைக் காட்டினால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அதனால்தான் கடிதம்: ஒரே விஷயத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அவர் "சம்மதம்" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டுத் தர வேண்டும்.

ஆடி மாதத்தில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். புதிதாகத் தொழில் என்றதும் "ஆடி போகட்டும்" என்பார்கள், அப்புறம் ஆவணியில் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். ஆடிப்பெருக்கு அன்றைக்கு என்றால் பரவாயில்லை. வாடகை கொடுக்கப் போகிற நாளன்றே கொடுப்பது என் பழக்கம், பணம் கையில் போன பிறகு பேச்சு கொஞ்சம் இளகும்.

என்ன வைக்கப் போகிறீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "சிறு தொழில்" என்று பொதுவாக எழுதினால் அவர் மனதில் முழு கம்பெனியே வந்து நிற்கும்: பத்துப் பேர், டெம்போ, வாசல் முழுக்க வேஸ்ட் மூட்டை. ஒரு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், ஓர் அயர்ன் பாக்ஸ் என்று எழுதினால் விஷயம் இவ்வளவுதான் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இங்கே மோட்டார் பற்றி என் பிடிவாதம் ஒன்று: சர்வோ மோட்டார்தான் வாங்க வேண்டும். கிளட்ச் மோட்டார் ஸ்விட்ச் போட்ட நிமிஷத்திலிருந்து நீங்கள் தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்த ரீங்காரம் கீழ் வீட்டுக் கூரை வழியாக இறங்கும். சர்வோ பெடலை மிதிக்கும்போது மட்டும் ஓடும். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் கடிதத்தில் "மிதிக்கும்போது மட்டும் ஓடும் மோட்டார்" என்று ஒரு வரி எழுத முடிவது பெரிய விஷயம். டேபிள் கால்களுக்குக் கீழே ரப்பர் பேட், அதையும் எழுதுங்கள்.

கரண்ட். மற்ற எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டே படித்தார். படித்து முடித்துவிட்டுக் கேட்டது இது ஒன்றுதான்: "அதெல்லாஞ் செரி அம்முணி, இ.பி.காரங்க வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?"

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்குக் கொடுத்த இணைப்பில் வேறு வகைக் கட்டணத்துக்குரிய வேலை நடந்தால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அந்த வகைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்குப் போடலாம். எப்போதிலிருந்து நடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் சோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்குப் போடுவார்கள். அது ஏறுவது அவர் பெயரில் இருக்கிற கணக்கில்.

இன்னொரு விஷயம், மேலும் கீழும் ஒரே மீட்டர் என்றால். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்று நினைக்க வேண்டாம், 500-க்கு உட்பட்ட சில யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து கூடும். உங்கள் மெஷினால் அவர் பில் ஏறும். இதில் தையல் மெஷின் பெரிய குற்றவாளி இல்லை, அயர்ன் பாக்ஸ்தான். 1000 வாட் அயர்ன் நாளுக்கு மொத்தமாக 2 மணி நேரம் சூடாகிறது என்றால் 2 யூனிட். மாதம் 25 நாள் வேலை என்றால் 50, இரண்டு மாத பில்லில் 100 யூனிட்.

ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன்னாலேயே உங்கள் பகுதி இ.பி. பிரிவு அலுவலகத்தில் மெஷின் எத்தனை, மோட்டார் எத்தனை வாட் என்று சொல்லி, இது எந்தக் கட்டணத்தில் வரும், தனி இணைப்பு வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் தனிக் கட்டண வகை இருக்கிறது, கடைக் கட்டணத்தை விடக் குறைவு. தனி இணைப்பு என்றால் விண்ணப்பத்துக்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும், அதையும் இந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடலாம்.

எதைச் செய்ய மாட்டீர்கள் என்றும் எழுத வேண்டும். ராத்திரி எத்தனை மணிக்கு மேல் ஓடாது, வெளி ஆள் யாரையும் வேலைக்கு வைப்பதில்லை, சாயம், பிரிண்டிங் கிடையாது. சாயம் என்ற பேச்சே இந்த ஊரில் வீட்டுக்காரர்களைக் கதவடைக்க வைக்கும், சாயக்கழிவு ஓடிய நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்கள்.

நான் கொடுத்தது கிட்டத்தட்ட இதுதான்:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். தங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் நான், முன் அறையில் குழந்தைகள் கவுன் தைத்துக் கொடுக்கும் வேலையைத் தொடங்கத் தங்கள் சம்மதத்தைக் கேட்டு எழுதுகிறேன்.
>
> வைக்கப்போவது ஒரு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், ஓர் அயர்ன் பாக்ஸ். இரண்டு மெஷினுக்கும் மிதிக்கும்போது மட்டும் ஓடும் மோட்டார். கால்களுக்கு ரப்பர் பேட் வைப்பேன். காலை 9 முதல் இரவு 7 வரை மட்டும் ஓட்டுவேன், ஞாயிறு ஓட்டமாட்டேன். நான் ஒருத்தி மட்டுமே தைப்பேன். வாரம் ஒருமுறை டூவீலரில் துணி வந்து போகும். வெட்டுத் துணியை மூட்டை கட்டி வாரா வாரம் வேஸ்ட் எடுப்பவரிடம் போட்டுவிடுவேன், படியிலோ வாசலிலோ வைக்கமாட்டேன்.
>
> இந்த வேலைக்குத் தனி மின் இணைப்பு என் செலவில் வாங்கிக்கொள்கிறேன். விண்ணப்பத்துக்குத் தங்கள் கையெழுத்து வேண்டும். அது வரும்வரை மெஷினை ஓட்டமாட்டேன். இந்த வேலையால் வீட்டு வரி கூடினால் கூடுகிற தொகையை நான் தருகிறேன். சுவரில் துளை போடுவது, வயரிங் மாற்றுவது எதுவானாலும் தங்களைக் கேட்டே செய்வேன்.
>
> ஆறு மாதம் பார்த்துவிட்டுத் தங்களுக்குச் சிரமம் என்று பட்டால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள், மெஷினை எடுத்துவிடுகிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து, தேதி)

கடைசிப் பத்தியை எழுத வேண்டாம் என்று என் அக்கா சொன்னாள், நாமே வழி காட்டுகிற மாதிரி ஆகிறது என்று. எனக்கு என்னவோ அந்த ஆறு மாதம்தான் அவரைக் கையெழுத்துப் போட வைத்தது என்று தோன்றுகிறது. உங்களுக்கு மனசில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

பிறகு சேர்த்தது: ஈரோட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார், சம்மதம் வாங்கிவிட்டாராம், ஆனால் இ.பி. கார்டு வீட்டுக்காரரின் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறது. இது நம் பக்கம் நிறைய வீடுகளில் உண்டு. சம்மதம் கொடுப்பவர் பெயரும் கார்டு, வீட்டு வரி ரசீதில் இருக்கிற பெயரும் ஒத்துப்போகாவிட்டால் தனி இணைப்பிலும் சிக்கல், பின்னால் ஜி.எஸ்.டி. எடுக்கப் போனால் அங்கேயும் சிக்கல். கடிதம் கொடுக்கும் முன் பழைய பில் ஒன்றில் பெயரைப் பார்த்துவிடுங்கள். பெயர் மாற்றம் வேண்டும் என்றால் அலைவது நீங்கள், கையெழுத்துப் போடுவது அவர் என்று பேசிக்கொள்ளுங்கள், வயசானவர்களை ஆபீசுக்கு வரச்சொன்னால் நடக்காது.

முத்திரைத்தாள் வேண்டுமா என்றும் கேட்டிருந்தார்கள். இந்தக் கடிதத்துக்கு வெள்ளைத்தாள் போதும். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது "குடியிருப்புக்கு மட்டும்" வரியை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.