எழுத்துத் தேர்வு, நேர்காணல், பள்ளி மதிப்பெண்: மூன்றையும் ஒரே சேர்க்கை மதிப்பெண்ணாக்குவது எப்படி?

பொறியியல் சேர்க்கைக்குக் கட் ஆஃப் கணக்கிட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அடிப்படை தெரிந்ததுதான். கணிதத்தில் பெற்ற மதிப்பெண் 100-க்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்குக் குறுக்கப்பட்டு, மொத்தம் 200 ஆகும். அதாவது, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு பங்கு என்று முதலிலேயே முடிவு செய்து, ஒவ்வொன்றையும் அந்தப் பங்குக்குள் சுருக்கிய பிறகே கூட்டுகிறோம். எழுத்துத் தேர்வு, நேர்காணல், பள்ளி மதிப்பெண் ஆகிய மூன்றையும் சேர்க்கும்போதும் முறை இதுவே. ஆனால் இங்கே கூட்டப்படுபவை ஒரே இயல்புடையவை அல்ல என்பதால், அறிவித்த பங்கு ஒன்றாகவும் உண்மையில் வேலை செய்யும் பங்கு வேறொன்றாகவும் ஆகிவிடுவதுண்டு. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதையும் சேர்த்தே இங்கு விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்வோம். இடங்கள் 40, நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்கள் 120 பேர். எழுத்துத் தேர்வு 120 மதிப்பெண்ணுக்கும் நேர்காணல் 20 மதிப்பெண்ணுக்கும் நடந்திருக்கின்றன. பள்ளி மதிப்பெண், மாநிலப் பாடத்திட்டத்தில் 600-க்கும் சி.பி.எஸ்.இ.-யில் 500-க்கும் வந்திருக்கிறது.

படி 1: பங்குகளை முடிவு செய்து, விண்ணப்பக் கையேட்டிலேயே அச்சிடுங்கள்

நம் எடுத்துக்காட்டில் எழுத்துத் தேர்வுக்கு 50, பள்ளி மதிப்பெண்ணுக்கு 35, நேர்காணலுக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். கடைசி எண்ணை நான் மனம்போன போக்கில் போடவில்லை. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்காணலுக்கு 50 மதிப்பெண்ணும் வைத்துச் சேர்க்கை நடத்தியதை எதிர்த்து அஜய் ஹாசியா வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடங்களே பேசிவிட்டு, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்தப் பேச்சின் அடிப்படையில் வழங்குவது தன்னிச்சையானது என்று கண்ட நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்று 1980 நவம்பரில் தீர்ப்பளித்தது. நேர்காணலின் பங்கை 15-க்குள் வைத்துக்கொள்வது அதனால்தான் நல்லது.

படி 2: ஒவ்வொன்றையும் அதன் பங்குக்குச் சுருக்குங்கள்

மூன்று விண்ணப்பதாரர்களை எடுத்துக்கொள்வோம். அ என்பவர் எழுத்துத் தேர்வில் 78, பள்ளியில் 600-க்கு 564, நேர்காணலில் 13 பெற்றிருக்கிறார். ஆ என்பவர் முறையே 84, 600-க்கு 540, 11 பெற்றிருக்கிறார். இ என்பவர் சி.பி.எஸ்.இ. மாணவர், அவர் பெற்றவை 72, 500-க்கு 470, 18.

சுருக்காமல் அப்படியே கூட்டினால் அ 655, ஆ 635, இ 560 என்று வரும். இ கடைசியில் நிற்பதற்கு அவருடைய பள்ளி இறுதித் தேர்வு 500-க்கு நடந்தது என்பதே பெரும் காரணம். ஆகவே எக்செலில் A முதல் E வரை விண்ணப்ப எண், எழுத்துத் தேர்வு, பள்ளியில் பெற்றது, பள்ளித் தேர்வின் மொத்தம், நேர்காணல் என ஐந்து நெடுவரிசைகளை அமைத்து, அடுத்த நான்கில் இந்தச் சூத்திரங்களை இடுங்கள்.

```
F2:  =B2/120*50
G2:  =C2/D2*35
H2:  =E2/20*15
I2:  =ROUND(F2+G2+H2,2)
```

பள்ளித் தேர்வின் மொத்தத்தைத் தனி நெடுவரிசையாக வைத்திருப்பதால் 600-ம் 500-ம் ஒரே சூத்திரத்தில் அடங்கிவிடுகின்றன. முழுமையாக்கலைக் கடைசிக் கூட்டலில் மட்டுமே செய்திருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் தசமத்தை வெட்டினால், இல்லாத சமநிலைகள் உருவாகும்.

அ என்பவருக்கு 32.5, 32.9, 9.75 சேர்ந்து 75.15 வருகிறது. ஆ என்பவருக்கு 35, 31.5, 8.25 சேர்ந்து 74.75. இ என்பவருக்கு 30, 32.9, 13.5 சேர்ந்து 76.40. இப்போது இ முதலிடத்துக்கு வந்துவிட்டார்.

நேர்காணலுக்கு வராதவரின் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். எக்செல் காலிக் கட்டத்தைப் பூஜ்யமாகக் கொண்டு கணக்கிடும். மற்ற இரண்டிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர், வராமலேயே பட்டியலில் நல்ல இடத்தைப் பிடித்துவிடக்கூடும். வராதவர்களைத் தனித் தாளுக்கு மாற்றிவிட்ட பிறகே தரவரிசை போட வேண்டும்.

படி 3: அறிவித்த பங்குதான் வேலை செய்கிறதா என்று பாருங்கள்

பெரும்பாலோர் முந்தைய படியோடு நிறுத்திவிடுகிறார்கள். மேலே உள்ள மூவரின் கணக்கையே மறுபடி பாருங்கள். எழுத்துத் தேர்வையும் பள்ளி மதிப்பெண்ணையும் மட்டும் கூட்டினால் ஆ 66.5, அ 65.4, இ 62.9 என்ற வரிசை வருகிறது. நேர்காணலைச் சேர்த்ததும் வரிசை முற்றிலும் தலைகீழாகி இ, அ, ஆ என்று ஆகிவிட்டது. 15 பங்குள்ள ஒன்று, 85 பங்குள்ள இரண்டையும் சேர்த்துப் புரட்டிப்போட்டது எப்படி?

ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிப்பது மதிப்பெண்ணின் அளவல்ல, மதிப்பெண்களுக்கு இடையிலான வேறுபாடு. எல்லோரும் 94 விழுக்காடு பெற்றிருந்தால், பள்ளி மதிப்பெண்ணுக்கு 35 பங்கு கொடுத்தாலும் 70 பங்கு கொடுத்தாலும் வரிசை மாறாது. நம் எடுத்துக்காட்டில் பள்ளி மதிப்பெண்கள் பெரும்பாலும் 85 விழுக்காட்டுக்கும் 97 விழுக்காட்டுக்கும் இடையில் நெருங்கி நிற்கின்றன என்று கொள்வோம். நேர்காணல் நடத்துபவர்களோ 20-க்கு 5-ம் போடுகிறார்கள், 19-ம் போடுகிறார்கள். அதோடு, நேர்காணலின் ஒரு மதிப்பெண் மொத்தத்தில் 0.75 ஆகிறது, 600-க்கு எடுத்த பள்ளித் தேர்வின் ஒரு மதிப்பெண் 0.06-க்கும் சற்றுக் குறைவுதான். நேர்காணல் அறையில் ஒருவர் மனநிறைவோடு கூட்டிப்போடும் ஒரு மதிப்பெண்ணை ஈடுகட்ட, பள்ளித் தேர்வில் ஏறத்தாழ 13 மதிப்பெண் அதிகம் எடுத்திருக்க வேண்டும்.

இதை அளக்க, மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவி நிற்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் போதும். சுருக்கிய மூன்று நெடுவரிசைகளுக்கும் அதைக் கணக்கிடுங்கள்.

```
=STDEV.P(F2:F121)
=STDEV.P(G2:G121)
=STDEV.P(H2:H121)
```

120 பேரின் எழுத்துத் தேர்வுத் திட்ட விலக்கம் 12 மதிப்பெண், பள்ளி மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் 4 விழுக்காடு, நேர்காணலின் திட்ட விலக்கம் 4 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், இந்தச் சூத்திரங்கள் முறையே 5, 1.4, 3 என்று விடை தரும். மொத்தம் 9.4. இதில் எழுத்துத் தேர்வு சுமார் 53 விழுக்காடு, பள்ளி மதிப்பெண் 15 விழுக்காடு, நேர்காணல் 32 விழுக்காடு. அறிவித்தது 50, 35, 15. எழுத்துத் தேர்வு ஏறக்குறைய தன் இடத்தில் இருக்க, மற்ற இரண்டும் இடம் மாறிக்கொண்டன. மூன்றுக்கும் இடையே உள்ள ஒட்டுறவைக் கணக்கில் கொள்ளாத தோராய அளவு இது. ஆனாலும் கோளாறு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிவிடும்.

படி 4: பரவலைச் சமப்படுத்துங்கள்

ஒவ்வொரு பகுதியிலும் சராசரியை 50 ஆகவும் திட்ட விலக்கத்தை 10 ஆகவும் மாற்றிக்கொண்டு, அதன் பிறகு பங்கைப் பெருக்குவதே இதற்கான தீர்வு. எழுத்துத் தேர்வுக்கான சூத்திரம் இது. மற்றவற்றுக்கும் நெடுவரிசையை மட்டும் மாற்றினால் போதும். பள்ளி மதிப்பெண்ணை முதலில் விழுக்காடாக்கிக்கொள்ளுங்கள்.

```
=50+10*(B2-AVERAGE(B$2:B$121))/STDEV.P(B$2:B$121)
```

சராசரிகள் எழுத்துத் தேர்வில் 72, பள்ளியில் 90 விழுக்காடு, நேர்காணலில் 13 என்று கொள்வோம். அ என்பவரின் மூன்று மதிப்பெண்களும் 55, 60, 50 ஆக மாறுகின்றன, 0.50, 0.35, 0.15 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 56.00. ஆ என்பவருக்கு 60, 50, 45 ஆகி, மொத்தம் 54.25. இ என்பவருக்கு 50, 60, 62.5 ஆகி, மொத்தம் 55.38. இப்போது அ முதலிடத்தில் இருக்கிறார். இ நேர்காணலில் காட்டிய திறமைக்கு உரிய பலன் அவருக்குக் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது 15 பங்குக்கு உரிய பலனாக மட்டும் இருக்கிறது.

சராசரியையும் திட்ட விலக்கத்தையும் மூன்று பகுதிக்கும் ஒரே கூட்டத்திலிருந்து, அதாவது நேர்காணலுக்கு வந்த 120 பேரிடமிருந்தே, எடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு மட்டும் தேர்வெழுதிய எல்லோருடைய சராசரியையும் திட்ட விலக்கத்தையும் பயன்படுத்தினால், வடிகட்டப்பட்ட 120 பேரும் மேல் முனையில் நெருக்கமாக அடைந்துகொள்வார்கள். எழுத்துத் தேர்வின் வலிமை குறைந்துபோகும்.

வெவ்வேறு கல்வி வாரியங்களின் மதிப்பெண்களை ஒப்பிடுவது இதைவிடச் சிக்கலானது. 2013 முதல் 2016 வரை ஜே.இ.இ. மெயின் தரவரிசையில் பள்ளி இறுதித் தேர்வுக்கு 40 விழுக்காடு பங்கு இருந்தபோது, ஒவ்வொரு வாரியத்துக்குள்ளும் மாணவர் எந்தச் சதமானத்தில் நிற்கிறார், அதாவது எத்தனை விழுக்காட்டினருக்கு மேலே நிற்கிறார் என்பதை வைத்தே மதிப்பெண்ணைச் சரிக்கட்டினார்கள். 2017 முதல் அந்தப் பங்கே கைவிடப்பட்டது. நம்மைப் போன்ற சிறிய சேர்க்கையில், ஒரு வாரியத்திலிருந்து ஐந்தாறு பேர் மட்டுமே வந்திருக்கும்போது, அவர்களுக்குத் தனியாகச் சராசரி எடுப்பதில் பொருளில்லை. அந்த ஐவரும் உண்மையிலேயே சிறந்த மாணவர்களாக இருந்தால், அவர்களில் பாதிப்பேரைச் சராசரிக்குக் கீழே தள்ளிவிடுவோம். அங்கே விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

சமப்படுத்தப் போகிறீர்கள் என்பதையும் எந்தச் சூத்திரத்தால் என்பதையும் கையேட்டில் பங்குகளுக்கு அருகிலேயே சொல்லிவிட வேண்டும். மதிப்பெண்கள் வந்த பிறகு முறையைத் தேர்ந்தெடுத்தால், யாரை உயர்த்த அந்த முறை என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

படி 5: நேர்காணல் குழுக்களை ஒப்பிட்டு, எல்லைக்கோட்டைச் சோதியுங்கள்

120 பேரை ஒரே குழு பார்ப்பது அரிது. மூன்று குழுக்கள் பார்த்திருந்தால் ஒவ்வொன்றின் சராசரியையும் தனித்தனியே எடுங்கள். யார் எந்தக் குழுவுக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்திருந்தால், ஒரு குழுவின் சராசரி 15 ஆகவும் இன்னொன்றின் சராசரி 11 ஆகவும் இருப்பதற்குப் பெரும்பாலும் கைத்தாராளமே காரணம். அப்போது நேர்காணல் மதிப்பெண்ணைக் குழுவாரியாகச் சமப்படுத்த வேண்டும். குழுக்களுக்கு விண்ணப்பதாரரின் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டவே கூடாது. காட்டினால், நேர்காணல் என்ற பெயரில் எழுத்துத் தேர்வுக்கே இரண்டாம் முறை மதிப்பெண் போடுவார்கள்.

தரவரிசைக்கு `=RANK(I2,I$2:I$121)` போதும். இங்கே I நெடுவரிசையில் இருப்பது நீங்கள் அறிவித்த முறைப்படி வந்த இறுதி மதிப்பெண்ணாக இருக்க வேண்டும். சமநிலை வந்தால் எழுத்துத் தேர்வில் கூடுதல் பெற்றவர் முன்னால் நிற்பார் என்பது போன்ற விதியையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

பட்டியல் வெளியாவதற்கு முன், 40-ஆம் இடத்தவருக்கும் 41-ஆம் இடத்தவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். படி 2-இன் எளிய கணக்கில் அது 0.75-க்குக் குறைவாக இருந்தால், ஒரே ஒரு நேர்காணல் மதிப்பெண் அந்த இடத்தைத் தீர்மானித்திருக்கிறது. சமப்படுத்திய கணக்கில், நேர்காணலின் திட்ட விலக்கம் 4 ஆக இருக்கும்போது, அதே ஒரு மதிப்பெண் 0.375 ஆகக் குறைகிறது. அந்த எல்லைக்குள் நிற்கும் இருவரின் நேர்காணல் தாள்களிலும் கூட்டல் சரியா, கையொப்பங்கள் உள்ளனவா, எக்செலில் ஏற்றிய எண் தாளில் உள்ள எண்தானா என்று ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபார்த்த பிறகே பட்டியலை ஒட்டுங்கள்.