ஊருக்கு வர முடியாத அப்பாயியை வீடியோ காலில் வாழ்த்த அழைப்பது எப்படி?

கல்யாணம் கும்பகோணத்தில், அப்பாயி திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்தில், அவரால் ஒரு மணி நேரம் காரில் உட்கார முடியாது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு செய்திகள் தேவை: ஒன்று அவருக்கு, இன்னொன்று போனைப் பிடிக்கப்போகிற சித்திக்கு.

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள். தாலி கட்டும் நொடி வேண்டாம். என் அண்ணன் கல்யாணத்தில் அப்படித்தான் கூப்பிட்டோம். கெட்டிமேளச் சத்தத்தில் தாத்தா "யாரு? யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், எங்கள் முகம்கூட அவருக்குத் தெரியவில்லை. முகூர்த்தம் 9 முதல் 10.30 வரை என்றால், தாலி கட்டி முடித்து, மணமகள் அறைக்குள் போய் 10.45க்குக் கூப்பிடலாம்.

அப்பாயிக்கு எழுதி அனுப்பாதீர்கள், வாய்ஸ் மெசேஜாகப் பேசுங்கள். மெதுவாக, முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள்:

"அப்பாயி, நான் செல்வி பேசுறேன். வெள்ளிக்கிழமை காலையில எனக்குக் கல்யாணம். தாலி கட்டினதும் நாங்க ரெண்டு பேரும் போன்ல உங்க முன்னாடி விழுந்து கும்பிடுவோம். அட்சதை போட்டு வாழ்த்துங்க. நீங்க வாழ்த்தின பிறகுதான் பந்திக்குப் போவோம். போனைச் சித்தி பிடிச்சுக்குவாங்க."

"உங்களால வர முடியாதே" என்ற பேச்சே இதில் இல்லை, கவனியுங்கள். அதைச் சொன்னால் அவர் மனசு அங்கேயே நின்றுவிடும். பந்தி பற்றிய வரியைச் சொன்னால் அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

அப்புறம் சித்திக்கு:

"சித்தி, வெள்ளி காலை 10.45க்கு வாட்ஸ்அப்பில் கூப்பிடுவோம். 10 மணிக்குள் அப்பாயிக்கு டிபனும் மாத்திரையும் கொடுத்துவிடுங்கள். வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்து, போனைச் சொம்பில் சாய்த்து வையுங்கள். அட்சதைக் கிண்ணம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். 11 மணி வரை எங்கள் கால் வராவிட்டால் தம்பி போனுக்குக் கூப்பிடுங்கள்."

அட்சதையை நீங்களே கலந்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். முனை முறியாத பச்சரிசியில் மஞ்சள் தூளும் ரெண்டு சொட்டு நெய்யும் போதும். அந்தப் பொட்டலம் கைக்கு வந்ததும் அவருக்குக் கல்யாணம் வீட்டுக்கே வந்த மாதிரி இருக்கும்.

முதல் நாள் மாலை மண்டபத்தின் அந்த அறையிலிருந்தே ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். படம் உறைந்தால் ஜன்னலோரம் மாறுங்கள். அங்கும் சரிவராவிட்டால் சாதாரணக் காலில் பேசிவிட்டு, விழுந்து கும்பிடுவதைத் தம்பியை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வாய்ஸ் மெசேஜ் போய்ச் சேர்ந்ததா என்று சித்தியிடம் கேளுங்கள். அப்பாயி வெறும் "சரி சரி" என்று மட்டும் சொல்லியிருந்தால் காதில் சரியாக விழவில்லை என்று அர்த்தம், இன்னொருமுறை போடச் சொல்லுங்கள். "என்ன புடவை கட்டட்டும்?" என்று கேட்டிருந்தால் விழுந்துவிட்டது.